வரலாறும் தோட்டமும் பிடித்த தாத்தாவுக்கு எந்தப் புத்தகம்?

"என் தாத்தாவுக்கு 76 வயது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுப் புத்தகங்கள் என்றால் உயிர். மாடியில் முப்பது தொட்டிகளில் செடி வளர்க்கிறார். போன பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த தோட்டப் புத்தகத்தை அவர் திறந்தே பார்க்கவில்லை. இந்த முறை அவர் உண்மையிலேயே படிக்கக்கூடிய ஒரு புத்தகம் சொல்லுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?"

ராய் மாக்ஸம் ஆங்கிலத்தில் எழுதி, சிறில் அலெக்ஸ் தமிழில் மொழிபெயர்த்த 'உப்பு வேலி' என்ற நூலை வாங்கிக் கொடுங்கள். அது அவரிடம் ஏற்கெனவே இருந்தால், அல்லது தமிழ்நாட்டு வரலாற்றைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் ஒட்டாது என்றால், ஆ. சிவசுப்பிரமணியனின் 'பனை மரமே! பனை மரமே!' என்ற நூலை வாங்குங்கள். நூலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஓய்வு பெற்ற வாசகர்கள் எதை எடுத்துப் போகிறார்கள், எதை இரண்டே நாளில் திருப்பித் தருகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில்தான் இந்த இரண்டையும் சொல்கிறேன். காரணங்களையும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டும் கிடைக்காமல் போனால் வேறொன்றை நீங்களே தேர்ந்தெடுக்க அவை உதவும்.

போன முறை நீங்கள் வாங்கிய புத்தகம் ஏன் திறக்கப்படவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டக் கையேடுகளில் பெரும்பாலானவை முதன்முதலாகத் தொட்டி வாங்குபவருக்காக எழுதப்பட்டவை. செம்மண், மட்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றை எந்த அளவில் கலப்பது, வேப்பம் புண்ணாக்கை எப்போது போடுவது என்று தொடங்கி, கீரை, கத்தரி, வெண்டை என ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி முடிந்துவிடும். முப்பது தொட்டிகளைப் பல பருவங்கள் காப்பாற்றியவருக்கு அதில் புதிதாக எதுவும் இராது. எந்த மூலையில் மாலை வெயில் சுடும், எந்தத் தொட்டியில் நீர் தேங்கும், மாவுப்பூச்சி முதலில் எந்தச் செடியில் ஏறும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். மொழிபெயர்ப்புக் கையேடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உறைபனி முடிந்ததும் விதைக்கச் சொல்லும் அட்டவணையை வைத்துக்கொண்டு ஆடிப்பட்டத்துக்காரர் என்ன செய்ய முடியும்?

வரலாற்றுப் பக்கம் மட்டும் போனாலும் தடுமாற்றம் வரும். பல ஆண்டுகளாக வரலாறு படிப்பவரிடம் நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' போன்ற பெருநூல்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால், வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருப்பார். பேரரசர்களைப் பற்றிய எந்தப் புதிய நூலைக் கொடுத்தாலும் அவர் அதைத் தாம் முன்பு படித்தவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார். தெரிந்த செய்தியே திரும்பி வருகிறது என்று பட்டால் முப்பதாம் பக்கத்தில் அடையாளச் சீட்டு அசையாமல் நின்றுவிடும்.

ஆகவே, ஒரு செடியோ மரமோ பயிரோ தானே கதைமாந்தராக நிற்கும் வரலாற்று நூலைத் தேட வேண்டும். இந்த வகையில் உங்கள் தாத்தாவிடம் புத்தகங்கள் இருக்க வாய்ப்புக் குறைவு. அதே சமயம், அவர் கைப்பழக்கத்தால் அறிந்த ஒன்றை வரலாற்றின் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். சோழர் காலக் கொடைச் செப்பேடுகளைப் படித்தால், ஊரைக் கொடையாகப் பெற்றவர்களுக்கு அங்கே தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் முதலியவற்றை நடும் உரிமையும், மா, பலா, தெங்கு, கமுகு போன்ற பயன்மரங்களை வைக்கும் உரிமையும் தனியே எழுதித் தரப்படுவதைக் காணலாம். தமனகம் என்பது நாம் தவனம் என்று சொல்லும் மணச்செடி. இருவேலி என்பது வெட்டிவேர். அரசனின் போர்களை மட்டும் தேடிப் படிப்பவர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். மாடியில் வெட்டிவேர் வைத்திருப்பவரோ அங்கேயே நின்று, இதை நடுவதற்குக்கூடவா அரசன் உரிமை எழுதித் தர வேண்டியிருந்தது என்று கேட்பார். அந்தக் கேள்வியை எழுப்பும் நூல்தான் அவருக்கு ஏற்றது.

'உப்பு வேலி'யை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அதன் மையத்தில் இருப்பது உண்மையிலேயே ஓர் உயிர்வேலி என்பதுதான். வட இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சி உப்புக்குக் கடுமையான வரி விதித்திருந்தது. வரி கட்டாத உப்பு மேற்கிலிருந்து உள்ளே வந்துவிடாமல் தடுப்பதற்காக, பஞ்சாபிலிருந்து ஒரிசா வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்கக் கோடு போடப்பட்டது. அதைக் காக்க முதலில் வெட்டிய முட்களை அடுக்கிப் பார்த்தார்கள். காய்ந்த முள்வேலியைக் கறையான் அரித்தது, தீ பிடித்தது, புயல் பெயர்த்தெறிந்தது. ஒரு மைல் நீளத்துக்கு ஏறத்தாழ 250 டன் முள் தேவைப்பட்டதாகக் கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் இதை வெட்டி இழுத்து வருவது கட்டுப்படியாகாது என்று கண்டு, 1867-க்குப் பின் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் உயிருள்ள வேலியை வளர்ப்பதில் முனைந்தார். பின்னாளில், 1885-இல், இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான் இவர். வரலாறு படிப்பவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

இனித் தோட்டக்காரர் நிமிர்ந்து உட்காரும் இடம் வருகிறது. இவ்வளவு நீளமான கோட்டில் மண் ஒரே மாதிரி இருக்குமா? ஓரிடத்தில் களர், ஓரிடத்தில் பாறை, ஓரிடத்தில் வெள்ளம் தேங்கும் பள்ளம். எந்த மண்ணில் எந்த முள்செடி பிழைக்கும் என்று ஊன்றிப் பார்க்க வேண்டியிருந்தது. இலந்தை, கருவேலம், களா, பல வகைக் கள்ளிகள் ஆகியவற்றை நட்டார்கள். வேறெதுவும் வராத வறண்ட இடங்களில் சப்பாத்திக் கள்ளியை வைத்தார்கள். மண் மோசமாக இருந்த இடங்களில் பள்ளம் தோண்டி, வேறிடத்திலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். நீர் ஊற்றக் கிணறு வெட்டினார்கள். இப்படி வளர்ந்த வேலி, நன்றாக வந்த இடங்களில் 8 முதல் 12 அடி உயரமும், சில பகுதிகளில் 14 அடி வரை அகலமும் இருந்தது. தொட்டியில் ஒரு களாக்கன்றைப் பிழைக்க வைப்பதற்கே எவ்வளவு பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர், இந்தப் பக்கங்களை மற்றவர்களைவிட மெதுவாகப் படிப்பார். அவ்வளவு உழைப்பும் ஏழையின் உப்பைத் தடுப்பதற்காகச் செலவிடப்பட்டது என்பதையும் அவர் மற்றவர்களைவிட ஆழமாக உணர்வார் என்று நம்புகிறேன். சுங்கக் கோடு 1879-இல் கைவிடப்பட்டது. உப்பு வரியோ 1947 வரை நீடித்தது.

நூலாசிரியர் இதை ஆவணங்களிலிருந்து மட்டும் எழுதவில்லை. பழைய புத்தகமொன்றின் அடிக்குறிப்பில் இந்த வேலியைப் பற்றித் தற்செயலாகப் படித்து, பிறகு வரைபடங்களைத் தேடி, இந்தியாவுக்குப் பலமுறை வந்து, கடைசியில் 1998-இல் உத்தரப் பிரதேசத்தின் இட்டாவா மாவட்டத்தில் எஞ்சியிருந்த ஒரு துண்டைக் கண்டடைகிறார். இந்தத் தேடலே நூலில் பாதி. இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பயணக் குறிப்பு பிடிக்காத, செய்தியை மட்டும் எதிர்பார்க்கும் வாசகருக்கு ரயில் பயணங்களும் விசாரிப்புகளும் நீளமாகத் தோன்றலாம். உங்கள் தாத்தா கல்வெட்டைப் பார்க்க எங்காவது ஓர் ஊருக்குப் பேருந்து ஏறிப் போனவர் என்றால் இந்தக் கவலை வேண்டாம். அந்தப் பகுதிகள்தான் அவருக்கு மிகவும் பிடிக்கும்.

'பனை மரமே! பனை மரமே!' வேறு குணமுள்ள நூல். இதில் ஒரே கதை ஓடாது. நாட்டார் வழக்காற்றியலில் நெடுங்காலம் உழைத்த ஆசிரியர், பனைக்கும் தமிழ்ச் சமூகத்துக்கும் இருந்த உறவைப் பல பக்கங்களிலிருந்து அணுகுகிறார். மரம் ஏறியவர்களின் வாழ்வு, பதநீரும் கருப்பட்டியும், ஓலையும் எழுத்தும், பழமொழிகளும் வழிபாடும் என்று விரிவதால், ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்குச் சில பக்கங்களாகப் படிப்பவருக்கு இது மிகவும் ஏற்றது. தென்மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், படிக்கும்போது அவருடைய சிறுவயது நினைவுகளும் கூடவே வரும்; நீங்கள் கேட்காமலே கதை சொல்லத் தொடங்கிவிடுவார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த அளவு நெருக்கம் இராது என்பதால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன்.

இந்த இரண்டையும் விட்டு, கடையில் நீங்களே வேறொன்றைத் தேடுவதாக இருந்தால், நூலின் தரத்தைப் பத்து நிமிடத்தில் சோதிக்க ஒரு வழி உண்டு. மரம், செடி, உணவு ஆகியவற்றின் வரலாற்றைப் பேசும் நூல்களில் ஆதாரமில்லாமல் எழுதப்பட்டவை நிறைய. பழங்காலத்து உணவைப் பற்றிய பகுதியைத் திறந்து, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா, முந்திரி ஆகியவை எங்கே வருகின்றன என்று பாருங்கள். இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. போர்ச்சுகீசியர் முதலான ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பிறகே, அதாவது 16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்தான், இந்த மண்ணை அடைந்தன. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தது பெரும்பாலும் மிளகு. 'மிளகாய்' என்ற பெயரே மிளகை நினைத்து வைத்ததுதான். பறங்கிக்காயும் தன் வரலாற்றைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. சங்க காலத்து விருந்தில் மிளகாய்க் குழம்பு ஊற்றும் நூலை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். உங்கள் தாத்தா அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மீதியைப் படிக்கமாட்டார்.

இன்னொரு சோதனை, பூக்களைப் பற்றியது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசை காந்தளில் தொடங்குகிறது. இவற்றில் பலவற்றை இன்றைய செடிகளோடு உறுதியாகப் பொருத்த முடிகிறது. காந்தள்தான் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் பயிரிடுவதும் அதைத்தான். ஆனால் மோந்தாலே வாடும் என்று சொல்லப்படும் அனிச்சம் எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றிய நூலை எடுத்தால், அனிச்சம் பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். கருத்து வேறுபாட்டைச் சொல்லி, எதனால் ஒன்றை ஏற்கிறார் என்று ஆசிரியர் காரணம் காட்டியிருந்தால் வாங்கலாம். ஒரு வண்ணப்படத்தை ஒட்டி, இதுதான் அனிச்சம் என்று ஒரே வரியில் முடித்திருந்தால் மற்ற 98 பூக்களுக்கும் அதே அவசரம்தான் காட்டப்பட்டிருக்கும்.

இதோடு நூலின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடிக்குறிப்பும் சொல்லடைவும் இருப்பது வரலாறு படிப்பவருக்குப் பெரிய வசதி. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களை, எடுத்துக்காட்டாக மயிலை சீனி. வேங்கடசாமியின் ஆய்வுகளை, பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலை குறைந்த பதிப்பில் அடிக்குறிப்புகள் விடுபட்டிருக்கலாம். எழுத்துப் பிழைகளும் மலிந்திருக்கலாம். இரண்டு பதிப்புகளில் ஒரே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அவருடைய விருப்பத்தைக் கேட்காமலே அறியவும் வழி உண்டு. அவருடைய அலமாரிக்கு முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எந்தப் புத்தகத்தின் முதுகு மடிந்து வெளுத்திருக்கிறது, எதில் பழைய பேருந்துச் சீட்டும் நாளிதழ்த் துண்டும் செருகியிருக்கின்றன என்று பாருங்கள். தடித்த ஆய்வு நூல்கள் புதிது போலவும் தன்வரலாறுகள் கசங்கியும் இருந்தால், அவருக்கு மனிதர்களின் குரல்தான் பிடிக்கும் என்று பொருள். அவருக்கு 'உப்பு வேலி' பொருந்தும். கட்டுரைத் தொகுப்புகள் கசங்கியிருந்தால் பனை நூல் பொருந்தும். தொட்டிகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காய்கறிகள் மட்டும் இருக்கின்றனவா, அல்லது எங்கிருந்தோ கொண்டுவந்த தவனமும் மருவும் வெட்டிவேரும் இருக்கின்றனவா? பின்னவை இருந்தால் அவர் செடியின் பூர்வீகத்தைத் தேடுபவர். அவருக்கு இந்த வகை நூல்கள் நிச்சயம் பிடிக்கும்.

உள்ளடக்கத்துக்கு நிகராக நான் வலியுறுத்துவது புத்தகத்தின் உடலமைப்பை. இதில் நானே தவறியிருக்கிறேன். என் பெரியப்பாவுக்குத் தோட்டங்களின் வரலாறு பற்றிய பெரிய அளவுப் படப்புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். வழவழப்பான தாள், அருமையான படங்கள். அவரால் அதை மடியில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை; சாய்வு நாற்காலிக்கு மேலிருந்த குழல்விளக்கு தாளில் பட்டுக் கண்ணைக் கூசியது. புரை அறுவை செய்துகொண்ட கண்ணுக்கு அந்தக் கூச்சம் இன்னும் கடுமையாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது புத்தகம் கூடத்தில் வருபவர்கள் பார்க்கும்படி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. என் மீது அன்பு இருந்ததால்தான் அதை அங்கே வைத்தார். ஆனால் அவர் அதைப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து கடையில் மூன்று காரியங்களைச் செய்கிறேன். புத்தகத்தை ஒரே கையில் பிடித்து ஐந்து நிமிடம் படிக்கிறேன். என் மணிக்கட்டு வலித்தால் அவருடையது இன்னும் வலிக்கும். அரை கிலோவைத் தாண்டும் நூலை இந்த வயதினருக்கு நான் வாங்குவதில்லை. பெரிய நூல் இரண்டு தொகுதிகளாகக் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். அடுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து மேசை மேல் வைத்துக் கையை எடுத்துப் பார்க்கிறேன். தைத்துக் கட்டியது விரிந்து கிடக்கும். பசை மட்டும் வைத்து ஒட்டியது தானாக மூடிக்கொள்ளும், அழுத்தி விரித்தால் முதுகு பிளந்து தாள் உதிரும். கடைசியாக, கடையின் விளக்குக்கு நேரடியாக இல்லாமல் சற்று ஒதுங்கி நின்று, கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, மெய்யெழுத்தின் புள்ளியும் ககர தகர வேறுபாடும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தமிழ் எழுத்தில் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். முதியவர்கள் பாதியில் புத்தகத்தை வைத்துவிடுவதற்கு இந்தச் சிறிய எழுத்து ஒரு பெரிய காரணம். எழுத்தின் அளவைவிட வரிகளுக்கு இடையிலான இடைவெளி கூடுதலாக உதவும். மங்கிய வெள்ளைத் தாள், பளிச்சிடும் வெள்ளைத் தாளைவிடக் கண்ணுக்கு இதமானது.

வாங்கிய பிறகு முதல் பக்கத்தில் உடனே எதையும் எழுதிவிடாதீர்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாட்டியிடம் தொலைபேசியில் கேளுங்கள். தெரியவில்லை என்றால் வாழ்த்தைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்ற வேண்டிய தேவை இல்லை என்று உறுதியான பின், அவர் முன்னிலையிலேயே பேனாவை எடுத்து நாளும் பெயரும் எழுதிக் கொடுக்கலாம்.

'உப்பு வேலி'யைத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், கூடவே ஒரு களாக்கன்றும் வாங்கிப் போங்கள். நாற்றுப்பண்ணைகளில் களாக்காய்ச் செடி என்று கேட்டால் தருவார்கள். முழு வெயில் படும் இடத்தில் அகன்ற தொட்டியில் வைத்து, நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் புதராக அடர்ந்து நிற்கும்; காய் வந்தால் ஊறுகாய் போடலாம். முள் கூரியது என்பதால் மாடிப்படிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் இந்தச் செடி வருகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அவரே கண்டுபிடித்து உங்களைக் கூப்பிடட்டும்.